சின்ன வயசுல பட்டது அறுபதுக்கு மேல உடம்புல எப்படி வந்து நிக்குது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் வயசானவங்க உடல்நிலை கணக்கெடுப்புக்கு வீடு வீடா போற வேலை எனக்கு. திண்ணையில உக்காந்து பிரஷர் பாக்கும்போது, டீக்கடையில, பஸ்ல, எங்க போனாலும் இதே சந்தேகங்க தான் வருது. அதனால கேட்டவங்க வாய்ல வந்த மாதிரியே எழுதி வெச்சிட்டேன். வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னதை திரும்ப சொல்லல.

வயசானா எல்லாருக்கும் தான் நோய் வருது, இதுல இன்னா புதுசா கீது?

வருது, ஆனா ஒரே மாதிரி வரல. இருபது வயசுல ஒரு தெருவுல இருக்குற பத்து பொண்ணுங்களை நிக்க வெச்சு நடக்க சொன்னா பெருசா வித்தியாசம் தெரியாது, எல்லாரும் ஒரே வேகத்துல தான் போவாங்க. அதே பத்து பேரை அறுபத்தஞ்சு வயசுல நடக்க விடுங்க, ஒருத்தங்க பஸ்ஸை ஓடிப் புடிப்பாங்க, ஒருத்தங்க சுவத்தை புடிச்சிக்கினு பாத்ரூம் போவாங்க. வயசு ஒண்ணு தான், ஆனா இடைவெளி பெருசாயிடுச்சு.

அந்த இடைவெளி அறுபதுல திடீர்னு வந்ததில்ல. கருவுல ஆரம்பிச்சு, பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம், பிரசவம், கடன்னு ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்தது. முதுமையை மட்டும் தனியா வெட்டி எடுத்து பாக்காம மொத்த வாழ்க்கையையும் ஒரே கோடா வெச்சு பாக்குறதை தான் வாழ்க்கைப் பாதை பார்வைன்னு சொல்றாங்க.

நீங்க எங்க பேசினாலும் ஒரு அக்கா தங்கச்சி கதை சொல்றீங்களாமே, அது இன்னா?

குடியாத்தம் பக்கத்துல ஒரு கிராமம், ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்க, பேரை மாத்தி அக்காவை கன்னியம்மா, தங்கச்சியை சரோஜான்னு வெச்சுக்கலாம். அக்கா பொறந்தது 1957, தங்கச்சி 1960. நான் போனப்ப அக்காவுக்கு 67, தங்கச்சிக்கு 64.

மூணு டெஸ்ட் எடுத்தோம். கைப்பிடி பலத்துக்கு ஒரு மெஷின் இருக்கு, அதை இறுக்கிப் புடிச்சா எத்தனை கிலோன்னு காட்டும், அக்காவுக்கு 12, தங்கச்சிக்கு 21. ஆறு மீட்டர் நடக்க அக்கா எடுத்தது ஒன்பதரை செகண்ட், தங்கச்சி ஐந்தரை. கையை நெஞ்சு மேல கட்டிக்கினு சேர்ல இருந்து அஞ்சு தடவை எழுந்து உக்காரணும், அக்காவுக்கு 19 செகண்ட், தங்கச்சிக்கு 11. ஆசிய நாட்டுக்காரங்களுக்குன்னு 2019-ல ஒரு வரம்பு சொல்லியிருக்காங்க, பொம்பளைங்களுக்கு கைப்பிடி 18 கிலோவுக்கு கீழ போனா, நடை செகண்டுக்கு ஒரு மீட்டருக்கு கீழ போனா, சேர் டெஸ்ட் 12 செகண்ட் ஆனா தசை பலம் தேய்ஞ்சு போச்சுன்னு சந்தேகப்படணும். அக்கா மூணுலயும் மாட்டினாங்க, தங்கச்சி மூணுலயும் தாண்டிட்டாங்க.

மூணு வயசு பெரியவங்க இல்லையா, அதான் காரணமா இருக்கும்?

நானும் முதல்ல அதைத்தான் நெனச்சேன். ஆனா கணக்கு போட்டு பாருங்க. நடு வயசுக்கு மேல கைப்பிடி வருஷத்துக்கு ஏதோ கால் கிலோ, முன்னூறு கிராம்னு இறங்குதுன்னே வெச்சாலும் மூணு வருஷத்துக்கு ஒரு கிலோ போகும். இங்க போயிருக்குறது ஒன்பது கிலோ. மீதி எட்டு கிலோ எங்க போச்சுன்னு தேடித்தான் பின்னாடி போகணும்.

ஒரே அம்மா, ஒரே அடுப்பு, ஒரே சோறு. அப்புறம் எப்படி ரெண்டு பேரும் வேற வேற ஆனாங்க?

அதனால தான் இந்த குடும்பத்தை எடுத்தேன், ரெண்டு பேரும் வேற வேற வீடுன்னா பரம்பரை, ஊரு, சாதின்னு ஆயிரம் சொல்லி தப்பிச்சுக்கலாம்.

அக்கா மூணாங்கிளாஸ் படிக்கும்போது நைனாவுக்கு உடம்பு முடியாம போச்சு, வைத்தியத்துக்கு பீடி ஏஜெண்ட் கிட்ட முன்பணம் வாங்கினாங்க. கடன் அடையுற வரைக்கும் பொண்ணு வந்து பீடி சுத்தணும்னு பேச்சு. வடாற்காடு மாவட்டத்துல அப்ப இது சர்வ சாதாரணம், புள்ளையை அடமானம் வெக்குறதுன்னே சொல்வாங்க. ஒன்பது வயசுல மடியில முறத்தை வெச்சு உக்காந்தவங்க எழுந்தது கல்யாணத்துக்குத் தான். காலைல இலையை நனைச்சு, கத்தரிச்சு, தூளை வெச்சு உருட்டி, நுனியை மடிச்சு நூல் கட்டணும். சின்ன விரல் தான் நுனி மடிக்க தோதுன்னு புள்ளைங்களுக்கு அந்த வேலையை குடுப்பாங்க.

அந்த சம்பளத்துல தான் தங்கச்சி எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போனாங்க. இதை அக்காவே சொன்னாங்க, சொல்லும்போது வருத்தம் எல்லாம் இல்ல, "ஒருத்தியாவது படிக்கட்டும்னு அம்மா சொல்லிச்சு"ன்னாங்க, அவ்வளவுதான். 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு திட்டம் கொண்டாந்தப்ப ஊருல எஸ்.எஸ்.எல்.சி. முடிச்ச பொண்ணுங்க விரல் விட்டு எண்ணுற அளவு தான், தங்கச்சிக்கு சத்துணவு அமைப்பாளர் வேலை கெடச்சிடுச்சு. அக்காவுக்கு அதுக்குள்ள கல்யாணம் ஆகி பத்து வருஷம், மூணு பிரசவம், ஒண்ணு தங்கல.

படிப்பு நின்னதால வேலை போச்சு, வேலை இல்லாததால சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் கல்யாணம் ஆனதால உடம்பு வளர்ந்து முடியறதுக்கு முன்னாடியே பிரசவம். ஒரு கெட்டது அடுத்த கெட்டதுக்கு கதவைத் திறந்து விடுது. இதை ஆபத்துச் சங்கிலின்னு சொல்றாங்க, பேரு பெருசா இருக்கு, விஷயம் நம்ம தெருவுல நடக்குறது தான்.

பட்ட காலிலே படும்னு சொல்றது இதானா?

இதே தான். ராபர்ட் மெர்ட்டன்னு ஒரு சமூகவியல் ஆளு 1968-ல விஞ்ஞானிங்களைப் பத்தி இப்படி எழுதினார், பேர் வாங்கினவனுக்கே மேல மேல பேர் சேருது, இல்லாதவன் கையில இருக்குறதும் நழுவுதுன்னு. டேல் டேன்னஃபர்னு இன்னொருத்தர் 1987-ல அதை முதுமைக்கு கொண்டு வந்து, ஒரே வருஷம் பொறந்தவங்களே வயசாக ஆக ஒருத்தருக்கொருத்தர் விலகிப் போறாங்கன்னு காட்டினார். நம்ம பாட்டிங்க ஒரு வரியில முடிச்சிட்டாங்க.

ஆனா பழமொழி ஒரு இடத்துல தப்பு பண்ணுது. அது ஏதோ கெட்ட நேரம் மாதிரி சொல்லுது. இங்க ஒவ்வொரு அடியிலயும் ஒரு ஆளு, ஒரு கணக்கு நோட்டு, ஒரு சட்டம், ஒரு சம்பள ரேட்டு நடுவுல நிக்குது. பி.எஃப். கேள்வியில அது தெரியும்.

ஒன்பது வயசுல பட்டது அம்பது வருஷம் உடம்புல எங்க ஒளிஞ்சிக்கினு இருந்துச்சு?

ஒளியல, சேமிப்புல குறைஞ்சது, அதான் வெளியில தெரியல. நுரையீரல் இருபது இருபத்தஞ்சு வயசுல உச்சத்துக்கு வரும், எலும்பும் தசையும் முப்பது வாக்குல. அதுக்கப்புறம் எல்லாருக்கும் இறக்கம் தான். வளர்ற வயசுல சோறு பத்தல, வெயிலு இல்ல, ஓடி ஆடல, புகையில தூளை மூச்சுல இழுத்துக்கினு குனிஞ்சே உக்காந்திருந்தா அந்த உச்சம் கீழயே நின்னுடும். நாப்பது வயசு வரைக்கும் இது தெரியாது, ஏன்னா தெனப்படி வேலைக்கு உச்சத்துல பாதி பலமே போதும்.

ஒரு கணக்கு சொல்றேன், நம்பர் எல்லாம் புரியறதுக்காக நானே வெச்சது. ஒருத்திக்கு நாப்பது வயசுல கைப்பிடி 30 கிலோ, இன்னொருத்திக்கு 24. ரெண்டு பேருக்கும் வருஷத்துக்கு 300 கிராம் இறங்குது. 18 கிலோங்கிற வரம்பை முதல் ஆளு தொடுறது எப்போ? 12 கிலோ இறங்கணும், நாப்பது வருஷம், அதாவது 80 வயசுல. ரெண்டாவது ஆளுக்கு 6 கிலோ தான் இருக்கு, இருபது வருஷம், 60 வயசுல தொட்டுடுவா. இறங்குற வேகம் ஒண்ணு தான், ஆனா ஒருத்தி இருபது வருஷம் முன்னாடியே முடியாதவ ஆயிட்டா. இப்ப ரெண்டாவது ஆளுக்கு சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் சேர்ந்து வேகமும் வருஷத்துக்கு 400 கிராம் ஆயிடுச்சுன்னா 55 வயசுலயே வந்துடும்.

பாலாத்தங்கரை கிணறு மாதிரி நெனச்சுக்கங்க. ஐப்பசியில எல்லா கிணத்துலயும் தண்ணி நிக்கும், ஆழம் கம்மியா வெட்டின கிணறு எதுன்னு சித்திரையில தான் தெரியும்.

பொறக்கும்போது எடை கம்மியா இருந்தா பின்னாடி சர்க்கரை வரும்னு டாக்டர் சொன்னார், சும்மா பயமுறுத்துறாரா?

பயமுறுத்தல, இதுக்கு ஆதாரம் நம்ம ஊர்லயே இருக்கு. 1969-லேர்ந்து 1973 வரைக்கும் வேலூர் டவுன்லயும் சுத்தி இருக்குற கிராமத்துலயும் கல்யாணம் ஆன பொம்பளைங்களை பதிவு பண்ணி, அவங்களுக்கு பொறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைங்களோட எடை, நீளம் எல்லாம் சி.எம்.சி. ஆளுங்க அளந்து எழுதி வெச்சாங்க. அதே குழந்தைங்களை வளர்ந்தப்பவும் அளந்தாங்க. அப்புறம் அவங்க 26-லேர்ந்து 32 வயசுல இருக்கும்போது தேடிப் போய் ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு குளுக்கோஸ் குடிக்க வெச்சு சர்க்கரை பாத்தாங்க.

அதுல தெரிஞ்சது: சின்ன வயசுல ஒல்லியா இருந்து அதுக்கப்புறம் பெரியவங்க ஆகுற வரைக்கும் வேகமா எடை ஏறினவங்களுக்கு சர்க்கரை கோளாறு அதிகம். டெல்லியில இதே மாதிரி ஒரு கூட்டத்தை பின்தொடர்ந்து 2004-ல வெளியிட்டாங்க, அங்கயும் இதே கதை, ரெண்டு வயசு வரைக்கும் ஒல்லி, அப்புறம் வேகமா ஏத்தம். கவனிங்க, வெறும் ஒல்லியும் இல்ல, வெறும் குண்டும் இல்ல, முதல்ல பஞ்சம் பின்னாடி ஏத்தம்ங்கிற அந்த வரிசை தான் கெடுக்குது. கருவுல சோறு பத்தாத உடம்பு, இருக்குறதை வெச்சு மூளையை காப்பாத்திக்கிட்டு தசையிலயும் கணையத்துலயும் சிக்கனம் புடிக்குது. சர்க்கரையை வாங்கி எரிக்கிறதே தசை தான், அது கம்மியா இருக்குற உடம்புல பின்னாடி வயித்துல கொழுப்பு சேர்ந்தா இன்சுலின் ஈடு கொடுக்காது.

இங்கிலாந்துல டேவிட் பார்க்கர் இதை முதல்ல பெருசா கிளப்பினவர், அவர் கையில கெடச்சது ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ல 1911-லேர்ந்து 1930 வரைக்கும் பொறந்தவங்களோட எடை எழுதின பழைய ரெஜிஸ்டர். ஒரு வயசுல எடை கம்மியா இருந்த ஆம்பளைங்க இதய நோயில அதிகமா செத்திருந்தாங்க. அங்கயும் எவ்வளவோ நர்ஸுங்க வீடு வீடா போய் தராசு புடிச்சு எழுதினது தான், எனக்கு அந்த நர்ஸுங்க மேல ஒரு தனி மரியாதை.

அப்போ என் அம்மா கர்ப்பத்துல சரியா சாப்பிடலன்னா என் கதை அவ்வளவுதானா?

இல்ல. இது கூட்டத்துல தெரியுற சாய்வு, ஒரு ஆளோட ஜாதகம் இல்ல. ரெண்டு கிலோவுல பொறந்து எழுபதுல கொல்லை உழுறவங்களை நானே பாத்திருக்கேன்.

சில விஷயத்துக்கு குறிப்பிட்ட காலம் தான், அது போனா திரும்ப வராது, கருவுல உறுப்பு உருவாகுற நேரம் அந்த மாதிரி. சிலது எத்தனை வருஷம் பட்டோம்ங்கிற கூட்டல், விறகு அடுப்பு புகை மாதிரி, பாதியில கேஸ் வந்தா பாதி மிச்சம். சிலது மேல சொன்ன சங்கிலி, நடுவுல ஒரு கண்ணியை வெட்டினா பின்னாடி வர்றது அப்படியே வராது. நிஜ வாழ்க்கையில மூணும் பின்னிக்கினு கிடக்கும், இது இதனால தான்னு ஒருத்தர் உடம்புல பிரிச்சு சொல்றது ரொம்ப கஷ்டம், அப்படி சொல்றவங்களை நான் நம்புறதில்ல.

பீடி தான் காரணம்னு நேரா சொல்லிட்டு போக வேண்டியது தானே?

பீடி கெடுதல் தான். தூளு மூச்சுல போகுது, குனிஞ்சே உக்காந்து முதுகும் கழுத்தும் போகுது, சளி, இருமல் எல்லாம் வருது. அக்காவோட வலது ஆள்காட்டி விரல் நுனி இன்னிக்கும் நேரா நீட்ட வராது, மெஷினைப் புடிக்க குடுத்தப்ப தான் கவனிச்சேன்.

ஆனா அதே பொண்ணை பீடிக்கு பதிலா தீப்பெட்டி ஒட்டவோ ஊதுபத்தி உருட்டவோ அனுப்பியிருந்தா கதை பெருசா மாறியிருக்குமா? மூச்சு, விரல் கொஞ்சம் தப்பிச்சிருக்கும். பள்ளிக்கூடம் திரும்ப வந்திருக்காது. என் கணக்குல தூளை விட மூணாங்கிளாஸோட நின்ன அந்த நாள் தான் பெரிய அடி.

ஒரு சின்ன உதாரணம். அக்காவுக்கு பிரஷர் மாத்திரை மாசா மாசம் வருது, எழுத்து தெரியாது, அட்டை கலரை வெச்சு தான் அடையாளம். ஒரு மாசம் வேற கம்பெனி அட்டை வந்துச்சு, மருந்து அதே மருந்து. இது வேறன்னு நெனச்சு பழசு மிச்சம் இருந்ததையும் புதுசையும் சேர்த்து போட்டாங்க, நாலாவது நாள் கொல்லையில தலை சுத்தி விழுந்து மணிக்கட்டுல எலும்பு உடைஞ்சுது. அறுபது வருஷத்துக்கு முன்னாடி நின்ன படிப்பு அன்னிக்கு கையை உடைச்சிச்சு. தங்கச்சி அதே மாத்திரை தான், அட்டைய திருப்பி பேரை படிச்சு ஒண்ணை எடுத்து வெச்சிட்டாங்க.

எங்க பாட்டி கம்பங்கூழ் குடிச்சு காட்டுல வேலை செஞ்சு 92 வரைக்கும் இருந்துச்சு. அப்ப கஷ்டப்பட்டவங்க தான் கெட்டின்னு ஆகுதே?

இந்த கேள்வி வராத ஊரே இல்ல. பாட்டிக்கு வணக்கம். ஆனா பாட்டி கூட அதே கூழ் குடிச்ச எத்தனை பேரு ஒரு வயசுலயே, பிரசவத்துலயே, அம்பதுலயே போயிட்டாங்கன்னு யாரும் எண்ணல, ஏன்னா அவங்க திண்ணையில உக்காந்து பேச இல்ல. மிச்சம் நிக்குறவங்களை மட்டும் பாத்து கஷ்டம் கெட்டியாக்குச்சுன்னு சொல்றது, கரும்பு ஆலையில தப்பிச்ச கரும்பை பாத்து ஆலை ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்ற மாதிரி.

இதுல ஆராய்ச்சிக்காரங்களே ஏமாந்து போறது உண்டு. எம்பது வயசுக்கு மேல பாத்தா ஏழைக்கும் வசதிக்கும் நடுவுல இடைவெளி குறையுற மாதிரி தெரியும். வயசு எல்லாரையும் சமமாக்கிடுச்சுன்னு ஒரு கட்சி சொல்லுது. இன்னொரு கட்சி, ஏழைங்கள்ல நோயாளிங்க முன்னாடியே செத்துட்டாங்க, மிச்சம் நிக்குறவங்க அந்த கூட்டத்துலயே கெட்டியானவங்க, அதனால தான் குறைஞ்ச மாதிரி தெரியுதுன்னு சொல்லுது. எது எவ்வளவுன்னு பாக்க ஒரு வழி, இன்னிக்கு இருக்குறவங்களை மட்டும் எண்ணாம, ஆரம்பத்துல பதிவு பண்ண எல்லாரையும் எண்ணணும், செத்தவங்களையும் சேர்த்து. வேலூர்ல 1969-ல ஆரம்பிச்ச மாதிரி பதிவுங்க அதுக்குத்தான் தேவை.

சின்ன வயசு கஷ்டம்னு கிழவிங்க சொல்றதெல்லாம் ஞாபகம் தானே, அதை எப்படி நம்புறது?

நியாயமான சந்தேகம். இன்னிக்கு முட்டி வலிக்குறவங்க அன்னிக்கு பட்டதையும் ஜாஸ்தியா சொல்லலாம், நல்லா இருக்குறவங்க மறந்துடலாம். அதனால "கஷ்டப்பட்டீங்களா"ன்னு கேக்கவே கூடாது, அதுக்கு எல்லாரும் ஆமாம்னு தான் சொல்வாங்க. எத்தனாங்கிளாஸ்ல நின்னீங்க, வீட்டுல கூரையா ஓடா, மாடு இருந்துச்சா, நைனா இன்னா வேலை, கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு, எத்தனை தங்குச்சுன்னு எண்ணி சொல்ற மாதிரி கேக்கணும்.

உடம்புலயும் ஒரு சாட்சி இருக்கு. பருவம் வர்றதுக்கு முன்னாடி வளர்ற உயரத்துல கால் தான் அதிகம், அப்ப சோறு பத்தலன்னா கால் குட்டையா நின்னுடும். வயசானா முதுகு கூனி மொத்த உயரம் குறையும், ஆனா முட்டி உயரம் குறையாது. அதனால உக்கார வெச்சு குதிகால்லேர்ந்து முட்டி வரைக்கும் அளப்போம். அக்காவுக்கு தங்கச்சியை விட ரெண்டரை சென்டிமீட்டர் கம்மி. கூடப் பொறந்தவங்களுக்குள்ள பரம்பரையாலயும் கொஞ்சம் மாறும், அதனால இது ஒண்ணையே வெச்சு தீர்ப்பு சொல்ல முடியாது, கதையோட சேர்ந்து நின்னா பலம்.

பீடித் தொழிலாளிக்கு பி.எஃப்., பென்ஷன் எல்லாம் உண்டே, அக்காவுக்கு ஏன் வரல?

பீடித் தொழிலாளர் சட்டம் 1966-லயே வந்தாச்சு, அவங்களுக்கான நல நிதிச் சட்டம் 1976-ல. ஆனா வீட்டுல உக்காந்து சுத்துறவங்க பேரு பாஸ்புக்குல இருந்தா தான் எல்லாம். நெறைய ஏஜெண்டுங்க பத்து பேரு சுத்துற பீடியை ரெண்டு மூணு பேரு கணக்குல எழுதுவாங்க, மீதி பேரு கணக்குலயே இல்ல. அக்கா நாப்பது வருஷத்துக்கு மேல சுத்தினதுல பெரும்பாலானது மாமியார் பாஸ்புக்குல தான் ஏறுச்சு. பி.எஃப். பென்ஷனுக்கு பத்து வருஷம் சர்வீஸ் காட்டணும், அக்கா பேருல தேறுனது ஆறு.

இதுக்கு முன்னாடி சொன்னதோட சேர்த்து பாருங்க. படிக்காததால கணக்கு நோட்டுல இன்னா எழுதுறாங்கன்னு தெரியல, தெரியாததால பென்ஷன் இல்ல, நான் போனப்ப முதியோர் உதவித்தொகை மாசம் 1200 ரூபா மட்டும் தான் வந்துச்சு. தங்கச்சிக்கு சத்துணவுல ரிட்டயர் ஆனப்ப மொத்தமா ஒரு தொகையும் மாசாமாசம் சிறப்பு ஓய்வூதியமும், பெருசு இல்ல, ஆனா முட்டையும் பாலும் வாங்க வருது. புரதம் சாப்பிட்டா தசை நிக்கும், தசை நின்னா விழமாட்டாங்க. அறுபதுக்கு மேலயும் இடைவெளி அகலமாகிக்கினே போறது இப்படித்தான்.

எங்க நைனா படிக்கல, வறுமை தான், ஆனா அப்புறம் ஆம்பூர் தோல் ஷாப்ல நல்லா சம்பாதிச்சார். அப்ப பழசு அழிஞ்சிடுமா?

கொஞ்சம் அழியும், முழுசா இல்ல. மேல ஏறினவங்க கீழயே நின்னவங்களை விட நல்லா இருப்பாங்க, ஆனா ஆரம்பத்துலேர்ந்தே வசதியா இருந்தவங்க அளவுக்கு பெரும்பாலும் வர்றதில்ல. சர்க்கரை விஷயத்துல நைனா மாதிரி ஆளுங்க தான் ஜாக்கிரதையா இருக்கணும், அந்த வேலூர் ஆராய்ச்சியில சொன்ன வரிசை ஞாபகம் இருக்கா, முதல்ல ஒல்லி பின்னாடி ஏத்தம். வயிறு கொஞ்சம் தள்ளியிருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பாத்துடுங்க, ஒல்லியா தானே இருக்கேன்னு விடாதீங்க.

சரி, அம்மாவுக்கு இப்ப 66. பழசை மாத்த முடியாது. இனிமே பண்றதுக்கு ஏதாவது கீதா?

கணக்கு சொன்ன கேள்வியில ரெண்டு விஷயம் இருந்துச்சு, உச்சம் ஒண்ணு, இறங்குற வேகம் ஒண்ணு. உச்சம் போச்சு. வேகம் இன்னும் கையில இருக்கு. எழுபதுலயும் தசை பயிற்சிக்கு கேக்கும், அதுல சந்தேகமே இல்ல. நடை மட்டும் போதாது, கால் தசைக்கு பாரம் வேணும், சேர்ல இருந்து கை ஊனாம எழுந்து உக்காருறது தான் நல்ல ஆரம்பம், சுவத்துல ஒட்டி சேரை போட்டு பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும். பிரஷர் கன்னாபின்னான்னு இருந்தாலோ நெஞ்சு வலி, தலைசுத்தல் இருந்தாலோ முதல்ல டாக்டர் கிட்ட கேளுங்க.

அதோட கண்ணை பாருங்க. புரை வளர்ந்திருந்தா ஆபரேஷன் பண்ணிடுங்க, விழறது குறையும். ரத்தசோகை பாருங்க, நம்ம பக்கம் வயசான பொம்பளைங்களுக்கு அதை யாரும் பாக்குறதே இல்ல, கர்ப்பிணிக்கு மட்டும் தான் பாப்பாங்க. சோறு குழம்போட ஒரு முட்டையோ ஒரு கை வேர்க்கடலையோ. மாத்திரை அட்டை மாறினா பழசை வீட்டுல வெச்சிருக்காதீங்க.

கன்னியம்மா அக்காவுக்கு மணிக்கட்டு கூடினதுக்கப்புறம் தங்கச்சி தினம் சாயங்காலம் வந்து சேர் போட்டு எழுப்பி உக்கார வெக்குறாங்க, முதல் வாரம் அஞ்சு, அப்புறம் எட்டு, அப்புறம் பத்து பத்தா ரெண்டு தடவை. மாத்திரை டப்பாவை சரோஜா வாங்கி வெச்சிக்கிட்டாங்க, காலைல ஒண்ணு எடுத்து குடுத்துட்டு தான் பால் வாங்கப் போவாங்க. மூணு மாசம் கழிச்சு நான் போய் டெஸ்ட் எடுத்தேன், 19 செகண்ட் 15 ஆச்சு, கைப்பிடி அதே 12 தான், விரலு நீள மாட்டேங்குது.